எஃப்டியை உடைக்கவா, அதன்மேல் கடன் வாங்கவா? ரசீதைப் படித்தபின் முடிவு செய்யலாம்

"தம்பி, அந்த எட்டு லட்சத்த எடுத்துரட்டுமா? மழைக்கு முன்னால கூரையப் பார்க்கணும்லா."

கல்லிடைக்குறிச்சியிலிருந்து மைனி போனில் கேட்டது இது. அண்ணன் காலமான பிறகு பங்குக்கு வந்த வயலை விற்று, மைனி ஒரு சித்திரைக்கு முன்னால் எட்டு லட்சத்தை வங்கியில் எஃப்டியாக, அதாவது நிலையான வைப்பாகப் போட்டிருந்தார்கள். ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. ஐப்பசி நெருங்குகிறது, பின்கட்டு ஓடெல்லாம் ஒழுகுகிறது. தேவை மூன்று லட்சம். சித்திரையில் மைனி கட்டிவரும் சீட்டு முடிந்து கிட்டத்தட்ட அதே தொகை கைக்கு வரும். அதாவது ஏழு மாதத்துக்குத்தான் இந்தப் பணம் வேண்டும்.

இதே கேள்வியோடு பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். வழி மூன்றுதான். முழு எஃப்டியையும் உடைக்கலாம், வேண்டிய அளவு மட்டும் உடைக்கலாம், உடைக்காமல் அதன்மேல் கடன் வாங்கலாம். எது லாபம் என்பதற்கான பதிலில் பாதி அந்த ரசீதிலேயே இருக்கிறது. மீதிப் பாதி ரசீதில் இருக்காது, வங்கியில் கேட்டு வாங்க வேண்டும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன். இதுவரை சேர்ந்த வட்டியில் எவ்வளவு போகும்? இனி வரவேண்டிய வட்டியில் எவ்வளவு போகும்? பிடித்த வரி என்னவாகும்? பணம் எத்தனை மாதத்துக்கு வேண்டும்? கடைசிக் கேள்விக்குத்தான் முடிவை மாற்றும் சக்தி அதிகம். ஆனால் அதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. "வட்டி போயிரும்" என்ற ஒரே பயத்தில் இரண்டு வட்டிக்கு வெளியே கைமாற்று வாங்குகிறவர்கள் உண்டு. மூன்று லட்சத்துக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 6,000 ரூபாய். அந்த வழியை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை.

## முதலில் ரசீது

மைனியின் ரசீதை வாட்ஸப்பில் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: தொகை 8,00,000. காலம் 36 மாதம். வட்டி ஆண்டுக்கு 7.00 சதவீதம். முதிர்வுத் தொகை 9,85,151. டெபாசிட் போட்ட தேதி, முதிர்வுத் தேதி, நாமினி பெயர், பிறகு கீழே "எய்தர் ஆர் சர்வைவர்" என்று ஒரு வரி.

முதிர்வுத் தொகை சரியா என்று நாமே பார்த்துவிடலாம். வட்டியை முதலோடு சேர்த்துக்கொண்டே போகும் எஃப்டிக்கு வங்கிகள் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டு வட்டி போடும். மூன்று வருடத்தில் அப்படிப் பன்னிரண்டு தடவை. போன் கால்குலேட்டரில் இதை அடித்தால் ரசீதில் உள்ள எண் வர வேண்டும்:

```
800000*(1+0.07/4)^12
```

வந்தது. ஆனால் இந்த 9,85,151 மைனியின் கைக்கு அப்படியே வராது. ரசீதில் அச்சாகும் முதிர்வுத் தொகை வரிப் பிடித்தத்துக்கு முந்தைய கணக்கு. நிறையப் பேர் ஏமாறும் இடம் இதுதான். முதிர்வு நாளில் பணம் குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கவுண்டரில் சண்டை போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பணத்தை முதிர்வில்தான் வாங்கப்போகிறோம் என்றாலும், வட்டி ஒவ்வொரு நிதியாண்டிலும் சேர்ந்துகொண்டே வருவதாகத்தான் வங்கி கணக்கு வைக்கிறது. அறுபது வயதுக்குக் குறைந்தவருக்கு ஒரே வங்கியில் ஒரு நிதியாண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் டிடிஎஸ் என்ற வரிப் பிடித்தம் உண்டு. மூத்த குடிமக்களுக்கு இந்த வரம்பு ஒரு லட்சம். இரண்டும் 2025 ஏப்ரலிலிருந்து இருக்கும் வரம்புகள். தாண்டிவிட்டால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, மொத்த வட்டிக்கும் பத்து சதவீதம் பிடிப்பார்கள். பான் எண் கொடுக்கவில்லை என்றால் இருபது.

மைனிக்கு வயது 54. முதல் வருட வட்டி 57,487. வரம்பைத் தாண்டிவிட்டது, 5,749 ரூபாய் பிடித்தாயிற்று. மூன்று வருடத்துக்கும் இப்படியே போனால் 18,500 ரூபாய் வரை போகும். பிடித்த பணம் எஃப்டிக்குள்ளிருந்தே கழிந்தால் அதற்கு மேல் வரவேண்டிய வட்டியும் கொஞ்சம் குறையும். ஆக, கைக்கு வருவது 9,65,000-க்கும் 9,66,600-க்கும் நடுவில் ஏதோ ஒன்று.

இதில் மைனியின் தவறு ஒன்று உண்டு. அப்பளம் போட்டு வரும் வருமானத்தையும் இந்த வட்டியையும் சேர்த்தாலும் வரி கட்டும் அளவுக்கு வராது. நம்மூரில் 15ஜி, 15எச் என்று சொல்லிப் பழகிய உறுதிமொழிப் படிவத்தை ஒவ்வொரு ஏப்ரலிலும் கொடுத்திருந்தால் பிடித்திருக்கவே மாட்டார்கள். ஒருமுறை கொடுத்தால் மூன்று வருடத்துக்கும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. அது அந்த நிதியாண்டுக்கு மட்டும்தான். இப்போது அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க ஒரே வழி, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்வது.

அப்புறம், "ஒரு லட்சம் ஒரு லட்சமா எட்டு ரசீதாப் போட்டிருந்தா வரி பிடிச்சிருக்க மாட்டாங்கள்லா?" என்று மைனி கேட்டார்கள். பிடித்திருப்பார்கள். வங்கி உங்கள் பெயரில் உள்ள எல்லாக் கிளைகளின் டெபாசிட்டையும் கூட்டித்தான் பார்க்கும். ஆனால் எட்டாகப் பிரித்திருந்தால் வேறு ஒரு லாபம் இருந்திருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

## ரசீதில் இல்லாதது

முன்கூட்டியே எடுத்தால் என்ன அபராதம் என்பது பல ரசீதுகளில் எண்ணாக இருக்காது. பின்பக்கத்தில் "வங்கியின் விதிகளுக்கு உட்பட்டது" என்ற பாணியில் ஒரு வரியோடு சரி. அந்த விதி பெரும்பாலும் இப்படி வேலை செய்கிறது.

"ஒரு சதவீதம்தான் அபராதம், ஏழிலிருந்து ஆறாகும்" என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. முதலில் வட்டி விகிதமே மாறும். மூன்று வருடம் என்று சொல்லிப் போட்டுவிட்டு ஒன்றரை வருடத்தில் எடுக்கிறோம் அல்லவா? அப்படியானால், டெபாசிட் போட்ட அன்றைக்கு ஒன்றரை வருடத்துக்கு என்ன வட்டி இருந்ததோ அதைத்தான் கொடுப்பார்கள். அது ரசீதில் உள்ள வட்டியைவிட அதிகமாக இருந்தால் குறைவானதை எடுத்துக்கொள்வார்கள். அதிலிருந்துதான் அபராதத்தைக் கழிப்பார்கள். அபராதம் வங்கிக்கு வங்கி மாறும். ரசீதில் உள்ள தொகை ஐந்து லட்சம் வரை என்றால் அரை சதவீதம், அதற்கு மேல் என்றால் ஒரு சதவீதம் என்று வைத்திருக்கும் வங்கிகள் உண்டு. மைனியின் வங்கியும் அப்படித்தான்.

ஆகவே வங்கியில் கேட்க வேண்டிய கேள்வி, "அபராதம் எவ்வளவு?" என்பதல்ல. "நான் போட்ட தேதியில் ஒன்றரை வருடத்துக்கு வட்டி எவ்வளவு, அதில் எவ்வளவு கழிப்பீர்கள், இன்றைக்கு உடைத்தால் கைக்கு எவ்வளவு?" என்று மூன்றாகக் கேட்க வேண்டும். மூன்றாவது எண்ணைக் கணினியிலேயே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

மைனிக்குக் கிடைத்த பதில்: அன்றைய வட்டி 6.70, அபராதம் 1, ஆக 5.70.

ரசீதை நம்பிக் கணக்குப் போடுமுன் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பெட்டியில் இருக்கும் தாள் பழையதாக இருக்கலாம். முதிர்ந்த எஃப்டி தானாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தால், இப்போது ஓடுவது வேறு வட்டியில், வேறு தேதியிலிருந்து. "அஞ்சு வருஷமாக் கிடக்கு" என்று நினைத்துப் போனால், புதுப்பித்து நான்கு மாதம்தான் ஆகிறது என்பார்கள். நான்கு மாதத்து வட்டியில் அபராதமும் போனால் மிச்சம் கொஞ்சம்தான். வரிச் சலுகைக்காகப் போட்ட ஐந்து வருட எஃப்டி என்றால் இந்தக் கட்டுரையே உதவாது. அதை இடையில் உடைக்கவும் முடியாது, அதன்மேல் கடனும் கிடைக்காது.

## முதல் வழி: முழுவதையும் உடைப்பது

ஏழு சதவீதக் கணக்கில் மைனியின் பணம் பதினெட்டு மாதத்தில் 8,87,762 ஆகியிருந்தது. 5.70-இல் போட்டால் 8,70,884. உடைத்த நிமிடத்திலேயே 16,878 ரூபாய் போகும்.

செலவு அதோடு நிற்காது. தேவை மூன்று லட்சம்தான், மிச்சம் ஐந்தே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கையில் நிற்கும். அதைத் திரும்பப் போட்டால் இன்றைய வட்டிதான் கிடைக்கும். 2025-இல் மட்டும் ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் ரெப்போ விகிதத்தை 6.50-இலிருந்து 5.25 வரை இறக்கியது, எஃப்டி வட்டிகளும் கூடவே இறங்கின. புது எஃப்டிக்கு 6.25 தருவார்கள் என்று வைத்துக்கொண்டால், மீதி ஒன்றரை வருடத்தில் இன்னும் 7,000 ரூபாய் அளவுக்குப் போகும். மொத்தம் 23,000-க்கு மேல். மூன்று லட்ச ரூபாய்த் தேவைக்கு இது அநியாய விலை.

வரியிலும் ஒரு முடிச்சு. முதல் வருடத்துக்கு 57,487 வட்டி வந்ததாகக் காட்டி வரி பிடித்தாயிற்று. இப்போது 5.70-இல் திருப்பிக் கணக்கிட்டால் அந்த வருடத்துக்கு 46,584-தான் ஆகிறது. வராத வட்டிக்கும் வரி போய்விட்டது என்பதுதான் இதன் பொருள். அரசாங்கத்துக்குப் போய்விட்ட பணத்தை வங்கி திருப்பித் தராது.

இருந்தாலும் இந்த வழி சரியாக வரும் சமயங்கள் உண்டு. மொத்தப் பணமும் வேண்டியிருக்கிறது, திரும்ப வர வாய்ப்பே இல்லை என்றால் உடைத்துவிடலாம். டெபாசிட் போட்டுச் சில வாரம்தான் ஆகிறது என்றாலும் அப்படியே, ஏனெனில் இழக்க வட்டியே அதிகம் சேர்ந்திருக்காது. வட்டி நன்றாக ஏறியிருந்தால் உடைத்துப் புதிதாகப் போடுவதே லாபமாக இருக்கலாம். அதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும்.

## இரண்டாம் வழி: வேண்டியதை மட்டும் உடைப்பது

சில வங்கிகளில் ஒரே எஃப்டியிலிருந்து ஒரு பகுதியை மட்டும் எடுக்கலாம், மிச்சம் பழைய வட்டியிலேயே ஓடும். மைனியின் எஃப்டியில் மூன்று லட்சத்தை மட்டும் எடுத்தால் இழப்பு 6,329 ரூபாய். மீதி ஐந்து லட்சம் ஏழிலேயே இருக்கும். முதல் வழியோடு ஒப்பிட்டால் எவ்வளவோ தேவலாம்.

எட்டு ரசீதாகப் பிரித்திருந்தால் என்று சொன்னேனே, அது இங்கே உதவும். ஒவ்வொன்றும் ஒரு லட்சம் என்பதால் அபராதம் அரை சதவீதம்தான். மூன்று ரசீதை மட்டும் உடைத்தால் இழப்பு 3,907. மற்ற ஐந்தையும் யாரும் தொட மாட்டார்கள். பிரிப்பதற்கு ஒரு பைசா செலவில்லை, கூடுதலாக ஏழு தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பெரிய தொகையை ஒரே ரசீதாகப் போடுவதை நான் எப்போதும் தடுப்பேன்.

## மூன்றாம் வழி: எஃப்டியின்மேல் கடன்

எஃப்டி அப்படியே நிற்கும். அதன் மதிப்பில் 90 சதவீதம் வரை கடனாகவோ ஓவர்டிராஃப்டாகவோ கொடுக்கும் வங்கிகள் நிறைய. எஃப்டி வட்டிக்கு மேல் ஒரு சதவீதம் என்பது பொதுவான விலை, இரண்டு கேட்பவர்களும் உண்டு. மைனிக்கு எட்டு சதவீதம்.

"ஏழுக்குக் குடுத்துட்டு எட்டுக்கு வாங்கணுமா? நம்ம பணத்துக்கு நாமளே வட்டியா?" என்று மைனிக்குக் கோபம். கேட்கும்போது அப்படித்தான் இருக்கும். ஆனால் மூன்று லட்சத்துக்கு ஏழு மாதக் கடன் வட்டி 14,000. அதே மூன்று லட்சத்துக்கு அதே ஏழு மாதத்தில் எஃப்டி 12,250 சம்பாதித்துக் கொடுக்கிறது. உண்மையில் கையிலிருந்து போவது 1,750. உடைத்தால் போகும் 6,329-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஓவர்டிராஃப்டாக வாங்கினால் எடுத்த தொகைக்கு, எடுத்த நாளுக்கு மட்டும்தான் வட்டி. கொத்தனாருக்கு முதலில் ஒரு லட்சம் கொடுத்தால் ஒரு லட்சத்துக்கே வட்டி ஓடும். மைனிக்கு இது பிடித்திருந்தது.

இதில் மறைந்திருக்கும் செலவு வரிதான். எஃப்டி வட்டிக்கு வரி உண்டு. வீட்டுச் செலவுக்கு வாங்கிய கடன் வட்டியை அதில் கழிக்க முடியாது. இருபது சதவீத வரி கட்டுகிறவருக்கு ஏழு சதவீத எஃப்டி உண்மையில் 5.60-தான். அப்போது கடனுக்கும் எஃப்டிக்கும் இடைவெளி ஒன்றல்ல, 2.40. மூன்று லட்சத்துக்கு வருடம் 7,200 போகும். அந்த ஆளுக்கு ஒரு வருடத்துக்கு மேல் கடனை இழுத்தால் பகுதியை உடைத்திருப்பதே மேல். மைனி மாதிரி வரி வராதவருக்கு அந்த எல்லை சுமார் இரண்டு வருடம்.

வட்டியை மாதாமாதம் கட்டாமல் விட்டால் அது கடனோடு சேரும். எஃப்டி முதிரும் நாளில் வங்கி கடனைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தரும். திருப்பிக் கட்டும் ஒழுங்கு தன்னிடம் இல்லை என்று தெரிந்தவர் இரண்டாம் வழியில் போவது நல்லது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | முழுவதும் உடைத்தால் | மூன்று லட்சம் மட்டும் உடைத்தால் | கடன் வாங்கினால் |
|---|---|---|---|
| சேர்ந்த வட்டியில் இழப்பு | 16,878 | 6,329 | இல்லை |
| இனி ஆகும் செலவு | மிச்சப் பணத்துக்கு வட்டி குறையும், சுமார் 7,000 | மிச்சம் பழைய வட்டியில் ஓடும் | ஏழு மாதத்துக்கு 1,750 |
| வரி | அதிகமாகப் பிடித்ததைக் கணக்கு தாக்கல் செய்துதான் வாங்க வேண்டும் | அதே சிக்கல், சிறிய அளவில் | எஃப்டி வட்டிக்கு வரி தொடரும் |
| யாருக்கு | மொத்தமும் வேண்டும், திரும்ப வராது | பகுதி வேண்டும், திரும்ப வர நாளாகும் | சில மாதத்தில் பணம் வரும் என்று உறுதி |

## அந்தக் கடைசி வரி

ரசீதின் அடியில் இருந்த "எய்தர் ஆர் சர்வைவர்" வரியை மறந்துவிடவில்லை. மைனியும் சென்னையில் வேலை பார்க்கும் மகனும் சேர்ந்து போட்ட எஃப்டி அது. இருவரில் யாராவது ஒருவர் போதும் என்றுதான் அதைப் புரிந்துகொள்வோம். அது முதிர்வு நாளுக்குப் பொருந்தும். இடையில் உடைக்க வேண்டுமானால் இரண்டு பேர் கையெழுத்தும் கேட்பார்கள். கடனுக்கும் கேட்டார்கள். ஒருவர் தவறிவிட்டால் மற்றவரே இடையில் எடுத்துக்கொள்ளலாம் என்று டெபாசிட் போடும்போதே இருவரும் எழுதிக் கொடுத்து வைக்கலாம். பல கிளைகளில் அந்தப் படிவத்தை நாம் கேட்டால்தான் எடுப்பார்கள். மகன் ஒரு சனிக்கிழமை ரயிலேறி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி கிடையாது என்பதைப் பார்த்துத்தான் டிக்கெட் போடச் சொன்னேன்.

மைனி கடன்தான் வாங்கினார்கள். ஐப்பசி அடைமழைக்கு முன் கூரை முடிந்தது. சித்திரையில் சீட்டுப் பணம் வந்த மறுநாளே கடனை அடைத்துவிட்டு, "எல்லாம் முடிஞ்சுது தம்பி" என்று போன் செய்தார்கள். லியன் எடுத்துவிட்டார்களா என்று கேட்டேன். கடன் கொடுக்கும்போது எஃப்டியின்மேல் வங்கி போடும் பிடிமானம் அது. கடன் அடைந்த பிறகும் கணினியில் அப்படியே நின்றால் முதிர்வு நாளில் பணம் கைக்கு வராமல் இழுத்தடிக்கும். மைனி மறுபடி போய்க் கேட்டால், எடுக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து எடுக்க வைத்துவிட்டு, கையோடு அந்த வருடத்து உறுதிமொழிப் படிவத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.